டிகேஏ வந்த குழந்தைக்கு சலைன் எவ்வளவு, இன்சுலின் எவ்வளவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் ஐசியூவில் இரவுப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் என்னிடம் கேட்டவைதான் இவற்றில் பெரும்பாலானவை. ஒன்றிரண்டு, வாசலில் காத்திருந்த பெற்றோர் கேட்டவை. கணக்கு புரிவதற்காக ஒரே ஒரு குழந்தையைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். எட்டு வயதுச் சிறுமி, எடை 20 கிலோ. இரண்டு நாளாக வாந்தி, ஓயாத தாகம், ஆழமான வேக மூச்சு. கூப்பிட்டால் கண் திறந்து பெயரைச் சொல்கிறாள், உடனே சொருகிப்போகிறாள். ரத்தச் சர்க்கரை 540, பிஎச் 7.05, பைகார்பனேட் 5, சோடியம் 130, பொட்டாசியம் 4.6. இது கடுமையான டிகேஏ, அதாவது இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் சர்க்கரை நோயின் அவசர நிலை. கீழே வரும் மில்லிக் கணக்கெல்லாம் இவளுக்கானவை. வேறு குழந்தை என்றால் அந்த எடைக்குப் புதிதாகப் போட வேண்டும்.

சர்க்கரை 540 இருக்கே, முதல்ல அதை இறக்க வேண்டாமா?

வேண்டாம். இந்த நேரத்தில் அவளை வாட்டுவது சர்க்கரை எண் அல்ல. உடலில் நீர் வற்றிப்போயிருக்கிறது, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் நிறைந்திருக்கிறது. நீர் வற்றியதற்குக் காரணம் சர்க்கரை: அது சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் உப்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அமிலத்துக்குக் காரணம் இன்சுலின் இல்லாமை: கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் கரைந்து கீட்டோனாகிறது.

அதனால் முதல் ஒரு மணி நேரம் சலைன் மட்டும்தான். 0.9% சலைன், கிலோவுக்கு 10 மில்லி, அதாவது இவளுக்கு 200 மில்லி, 20 முதல் 30 நிமிடத்துக்குள். இது போனதுமே சர்க்கரை 540-லிருந்து 470 பக்கம் வந்துவிடுவதைப் பார்க்கலாம். ரத்தம் நீர்க்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போய் அது சர்க்கரையை வெளியேற்றத் தொடங்குகிறது. இன்சுலின் ஒரு சொட்டுகூடப் போகாமலே இவ்வளவு இறங்கும். இதன் மேல் இன்சுலினையும் அப்போதே ஏற்றினால் இறக்கம் செங்குத்தாகிவிடும்.

நாடி நூலிழையாக ஓடுகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது என்றால் கதை வேறு. அது ஷாக். கிலோவுக்கு 20 மில்லி, எவ்வளவு சீக்கிரம் போகுமோ அவ்வளவு சீக்கிரம். மூளை வீங்கிவிடுமோ என்று பயந்து ஷாக்கில் இருக்கும் குழந்தைக்குச் சலைனைப் பிடித்து வைப்பது தவறு. ரத்த ஓட்டம் இல்லாத மூளைதான் முதலில் கெடும்.

அதுக்கப்புறம் மணிக்கு எத்தனை மில்லி?

இரண்டு கணக்கைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். ஒன்று, உடல் ஏற்கெனவே இழந்தது. மற்றொன்று, சாதாரணமாகவே ஒரு நாளுக்குத் தேவையானது.

இழப்பைக் கண்ணால் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. கடுமையான டிகேஏவில் எடையில் 7 முதல் 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இவளுக்கு 8 என்று வைப்போம்: 20 கிலோவில் 8 சதவீதம் 1600 மில்லி. முதலில் கொடுத்த 200-ஐக் கழித்தால் 1400. இதை 48 மணி நேரத்தில் பரப்பினால் மணிக்கு 29 மில்லி. அன்றாடத் தேவை, முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, மொத்தம் 1500. அதை 24-ஆல் வகுத்தால் 62.5. இரண்டையும் கூட்டினால் மணிக்கு 92 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 92 என்றே ஓட்டலாம்.

கணக்கு போட்ட பிறகு ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். விடை அன்றாடத் தேவையைப் போல ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு மடங்கைத் தாண்டினால் எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் எடையைத் தப்பாக எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் இழப்பை அளவுக்கு மீறிப் போட்டிருப்பார்கள். குண்டான பிள்ளைகளுக்கு இந்தப் பிசகு அடிக்கடி வரும்.

மெதுவா கொடுத்தாதான் மூளை வீங்காதுன்னு படிச்சோம். இப்போ அது தப்புன்னு சொல்றாங்களே?

பாதி சரி, பாதி தப்பு. பழைய விளக்கம் எளிமையானது: சர்க்கரை அதிகமாக இருந்ததால் ரத்தம் அடர்த்தியாக இருந்தது, மூளைச் செல்கள் அதற்குப் பழகிவிட்டன, நாம் வேகமாக நீர்க்கவிட்டதும் தண்ணீர் மூளைக்குள் பாய்கிறது. கேட்கப் பொருத்தமாக இருக்கும். ஆனால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மூளை வீங்கிய நிலையில் வரும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு யாரும் சலைன் கொடுத்திருக்கவில்லை. நீர் வற்றி, மூளைக்கு ரத்தம் குறைந்து, பிறகு ரத்தம் திரும்பும்போது நாளச்சுவர் கசிந்து வீங்குகிறது என்ற விளக்கத்துக்குத்தான் இன்று ஆதரவு அதிகம்.

அமெரிக்காவில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து வேகத்தையே நேரடியாகச் சோதித்தன. முடிவு 2018-இல் வந்தது. 1389 டிகேஏ நிகழ்வுகளில், ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வேகமாக, மற்றவர்களுக்கு மெதுவாக, சிலருக்கு 0.9% சலைன், சிலருக்கு 0.45%. நான்கு முறைகளுக்கும் இடையே மூளைப் பாதிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வெளிப்படையான மூளைப் பாதிப்பு மொத்தத்தில் 12 நிகழ்வுகளில், அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ்.

ஆனால் அந்த ஆய்வில் 'வேகம்' என்றால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நம் 20 கிலோ சிறுமிக்குப் போட்டுப் பார்த்தால், வேகமான முறையில் முதல் 12 மணி நேரம் மணிக்கு ஏறக்குறைய 130 மில்லி. மெதுவான முறையில் ஏறக்குறைய 80. நம் 92 இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே 92-ஆ 110-ஆ என்று இரவெல்லாம் சண்டை போட வேண்டியதில்லை. அதே சமயம், மணிக்கு 300 மில்லி ஓடினாலும் பரவாயில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வரும்போதே நினைவு மிகவும் மங்கியிருந்த குழந்தைகளை அதில் சேர்க்கவும் இல்லை. அப்படி வருபவர்களுக்கு நான் இன்னும் 48 மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

எங்க வார்டுல பம்ப் இல்லை. டிரிப் செட்லதான் ஓட்டணும். என்ன செய்ய?

கணக்கில் வரும் தப்பைவிட இங்கே வரும் தப்புதான் அதிகம். 500 மில்லி பாட்டிலைத் தொங்கவிட்டு உருளையைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருப்பார்கள். குழந்தை கையை நீட்டியதும் சொட்டு ஓட்டமெடுக்கும். ஒரு மணி நேரத்தில் பாட்டில் காலி.

ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண செட்டில் மணிக்கு 92 மில்லி என்பது நிமிடத்துக்கு 31 சொட்டு. மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு: 92. ஆனால் சொட்டை மட்டும் நம்பாதீர்கள். பியூரெட் செட் போடுங்கள். மேலே பாட்டிலை மூடிவிட்டு, பியூரெட்டில் 92 மில்லி மட்டும் நிரப்புங்கள். உருளை முழுதாகத் திறந்துகொண்டாலும் அந்த மணிக்கு உண்டானதுதான் போகும். ஒவ்வொரு மணியும் நிரப்ப வரும்போது குழந்தையையும் பார்த்தாக வேண்டும். அதுவும் நல்லதுதான்.

இன்சுலினை இப்படிச் சொட்டில் விடாதீர்கள். சிரிஞ்ச் பம்ப் இல்லாத இடத்தில், லேசான டிகேஏ என்றால் வேகமாகச் செயல்படும் இன்சுலினைத் தோலுக்கடியில் கிலோவுக்கு 0.15 யூனிட், இரண்டு மணிக்கு ஒரு முறை கொடுக்கும் வழி இருக்கிறது. நம் சிறுமியின் நிலைக்கு அது சரிப்படாது. ரத்த ஓட்டம் சுருங்கிய தோலிலிருந்து மருந்து எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. முதல் 200 மில்லியைக் கொடுத்து, சலைனை ஓடவிட்டபடியே பம்ப் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் சரி.

இன்சுலின் வயல்ல 40-னு போட்டிருக்கு. 50 யூனிட் எப்படி எடுக்கறது?

நம் நாட்டில் கிடைக்கும் சாதாரண ரெகுலர் இன்சுலின் வயலில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்தான். 50 யூனிட் வேண்டுமென்றால் 1.25 மில்லி எடுக்க வேண்டும். அதை 50 மில்லி சிரிஞ்சில் விட்டு, 0.9% சலைனால் 50 மில்லி வரை நிரப்பினால் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட். அதன் பிறகு மில்லியும் யூனிட்டும் ஒன்றே, குழப்பமில்லை.

குழப்பம் அதற்கு முன்னால்தான். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கு. 40 யூனிட் வயலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் 50 கோடு வரை இழுத்தால் உள்ளே வந்தது அரை மில்லி, அதாவது 20 யூனிட்தான். பம்ப் சரியாக ஓடும், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், அமிலம் மட்டும் தீராது. மாற்றி நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தில் 1.25 மில்லி எடுத்தால் 125 யூனிட் வந்துவிடும். மணிக்கு 2 யூனிட் என்று நினைத்தது 5 யூனிட்டாகப் போகும். எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை என்றால் மருந்தளவைக் கூட்டுவதற்கு முன் அந்தச் சிரிஞ்சைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்வேன்.

இன்னொன்று. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இணைப்பதற்கு முன் கலந்த மருந்தைக் குழாய் வழியாக 20 மில்லி ஓட்டிக் கீழே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சில மணி நேரம் குழாய்க்குத்தான் இன்சுலின்.

0.1-ஆ, 0.05-ஆ? முதல்ல ஒரு மொத்த டோஸ் போட்டுடலாமா?

மொத்த டோஸ் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். அதனால் அமிலம் சீக்கிரம் தீர்வதில்லை. சர்க்கரையும் பொட்டாசியமும்தான் திடீரென்று சரியும்.

ஓட்டத்துக்கு கிலோவுக்கு மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட். இவளுக்கு 0.1 என்றால் மணிக்கு 2 மில்லி, 0.05 என்றால் 1 மில்லி. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் 50 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். பாதி அளவிலும் சர்க்கரை ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இறங்கியது, அமிலமும் தீர்ந்தது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், அமிலம் அவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்கும் நான் 0.05-இல் தொடங்குவேன். இவளுக்குப் பிஎச் 7.05 என்பதால் 2 மில்லி.

பொட்டாசியம் 4.6, நார்மல்தானே? எதுக்குச் சேர்க்கணும்?

ரத்தத்தில் தெரிவது அது. உடலில் இருப்பு காலியாகத்தான் இருக்கிறது. இன்சுலின் ஓடத் தொடங்கியதும் பொட்டாசியம் செல்லுக்குள் போகும், சில மணி நேரத்தில் 3-க்கும் கீழே வந்து நிற்கும். அதனால் இன்சுலின் தொடங்கும்போதே டிரிப்ஸில் லிட்டருக்கு 40 மில்லிமோல் சேர்க்க வேண்டும். 15% பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிமோல் இருக்கிறது. 500 மில்லி பாட்டிலுக்கு ஓர் ஆம்பூல், கணக்கு முடிந்தது. போட்டதும் பாட்டிலை நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். இல்லாவிட்டால் அடியில் தங்கியது முதலில் போகும்.

முதல் ரத்தப் பரிசோதனையிலேயே 3-க்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்துவிட்டு, இசிஜி மானிட்டரைப் பார்த்தபடி பொட்டாசியத்தை முதலில் கொடுக்க வேண்டும். 5.5-க்கு மேல் இருந்தால் சிறுநீர் போவதைப் பார்த்த பிறகு.

சர்க்கரை 250-க்கு வந்துடுச்சு. இன்சுலினை நிறுத்திடலாமா?

நான் பயிற்சியில் இருந்தபோது இதைச் செய்து கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். நள்ளிரவில் சர்க்கரை 140 என்று வந்தது. 'அப்பாடா' என்று பம்பை நிறுத்திவிட்டேன். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை 200-தான், ஆனால் பையன் மறுபடி விலா குழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பிஎச் முந்தின இரவு இருந்ததைவிடக் கீழே.

இன்சுலின் ஓடுவது கீட்டோன் உற்பத்தியை நிறுத்துவதற்காக. சர்க்கரை முதலில் இறங்கும், அமிலம் பல மணி நேரம் கழித்துத்தான் தீரும். இடைப்பட்ட நேரத்தில் குறைக்க வேண்டியது இன்சுலினை அல்ல, கூட்ட வேண்டியது குளுக்கோஸை. சர்க்கரை 250-300-க்கு வந்ததும், அல்லது மணிக்கு 90-க்கு மேல் சரிந்தால் அதற்கு முன்பே, சலைனுக்குப் பதில் டிஎன்எஸ் மாட்டுங்கள். அதில் 5% டெக்ஸ்ட்ரோஸும் 0.9% சலைனும் சேர்ந்தே இருக்கும். பொட்டாசியம் அதே அளவு, ஓட்டம் அதே 92.

அப்படியும் இறங்கினால் 10% தேவைப்படும். 500 மில்லி டிஎன்எஸ்ஸிலிருந்து 50 மில்லியை எடுத்துவிட்டு, 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லியைச் சேர்த்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். இதற்கும் மேல் சரிந்துகொண்டே போனால்தான் இன்சுலினை 0.05-க்குக் குறைக்கலாம். நிறுத்துவது பிஎச் 7.3-ஐத் தாண்டி, பைகார்பனேட் 18-ஐத் தாண்டிய பிறகு. அதுவும் தோலுக்கடியில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, அது வேலை செய்ய ஆரம்பித்ததும்தான்.

சோடியத்தை ஏன் இத்தனை தடவை பார்க்கச் சொல்றீங்க?

எனக்கு மிகவும் பயன்படும் எண் அதுதான். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது அது செல்லிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்கு இழுக்கிறது, சோடியம் நீர்த்துத் தெரிகிறது. சர்க்கரை 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100-க்கும் 1.6 கூட்டிப் பாருங்கள். நம் சிறுமியின் 130 உண்மையில் 137. சர்க்கரை இறங்க இறங்க, அளந்து வரும் சோடியம் அதே கணக்கில் ஏற வேண்டும்.

ஆறு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 270 என்று வைத்துக்கொள்வோம். சோடியம் 134 பக்கம் வந்திருந்தால் சரி. சோடியத்தை இரண்டால் பெருக்கி, சர்க்கரையை 18-ஆல் வகுத்துக் கூட்டினால் கிடைப்பது ரத்தத்தின் அடர்த்தி. தொடக்கத்தில் 290, இப்போது 283. மெல்ல இறங்குகிறது. அதே நேரத்தில் சோடியம் 128-ஆகக் குறைந்திருந்தால் அடர்த்தி 271. ஆறு மணியில் 19 சரிவு, மூளைக்குள் தண்ணீர் போக வழி திறந்திருக்கிறது. பத்து மையங்களில் மூளை வீங்கிய குழந்தைகளை ஆராய்ந்து 2001-இல் வந்த ஆய்விலும் சிகிச்சையின்போது சோடியம் சரியாக ஏறாதது ஓர் ஆபத்துக் குறியாக இருந்தது. வரும்போதே யூரியா அதிகம், கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவு, பைகார்பனேட் ஊசி போட்டது ஆகியவை மற்றவை.

சோடியம் ஏறவில்லை என்றால் பாட்டிலைப் பாருங்கள். டிஎன்எஸ் என்று நினைத்து வெறும் 5% டெக்ஸ்ட்ரோஸை மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் குழந்தை கணக்கில் வராமல் தண்ணீர் குடித்திருக்கும்.

பிஎச் 7.05 இருக்கு, பைகார்பனேட் போடலாமா?

இல்லை. இன்சுலினும் சலைனும் போனால் கீட்டோனே பைகார்பனேட்டாக மாறும். பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான அளவில் ஏறியிருந்தாலோ, பிஎச் 6.9-க்குக் கீழே போய் இதயம் துவண்டாலோ மட்டும்தான் அந்தப் பேச்சு.

தண்ணி தண்ணின்னு அழறா டாக்டர், ஒரு டம்ளர் கொடுக்கட்டுமா?

பார்க்கவே கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் அமிலம் இருக்கும்போது இரைப்பை அசையாது. குடித்ததெல்லாம் அங்கேயே தேங்கி, வாந்தியாகி மூச்சுக்குழாயில் போகலாம். இல்லையென்றால் சில மணி நேரம் கழித்து மொத்தமாக ரத்தத்தில் ஏறி, நாங்கள் மெல்ல ஏற்றிவரும் சோடியத்தைக் கீழே தள்ளும். உதட்டை நனையுங்கள், செவிலியர் சொன்னால் ஒரு ஐஸ் துண்டு. வரும் வழியில் இளநீரோ ஜூஸோ கொடுத்திருந்தால் மறைக்காமல் எவ்வளவு என்று சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்பதான் அசந்து தூங்கறா. மணிக்கொரு தரம் எழுப்பறீங்களே?

தூக்கமும் மூளை வீக்கமும் வெளியே ஒரே மாதிரி தெரியும். எழுப்பினால்தான் எது என்று தெரியும். பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் 12 மணி நேரத்தில் வரும், எல்லா எண்களும் நன்றாகிக்கொண்டிருக்கும்போதே வரும். சற்று முன்பு நன்றாகப் பேசியவள் புதிதாகத் தலைவலி என்கிறாள், மறுபடி வாந்தி எடுக்கிறாள், பெயரைக் கேட்டால் உளறுகிறாள், காரணமில்லாமல் எரிச்சல் படுகிறாள், எட்டு வயதில் படுக்கையை நனைத்துவிடுகிறாள் என்றால் கூப்பிடுங்கள். நாங்கள் மானிட்டரில் தேடுவது இதயத் துடிப்பு 20-க்கு மேல் குறைந்து அப்படியே நிற்பதையும், ரத்த அழுத்தம் ஏறுவதையும். முன்பு 130, இப்போது 85, தூக்கமும் இல்லை என்றால் 'நீர் ஏறியதால் துடிப்பு அமைதியாகிவிட்டது' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அப்படி சந்தேகம் வந்தா ஸ்கேன் எடுத்துட்டுத்தானே மருந்து?

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் மூளை அமுங்கிவிடும். தொடக்கத்தில் ஸ்கேன் சாதாரணமாகவே இருக்கவும் கூடும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, மானிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், 10 முதல் 15 நிமிடத்தில். 20% பாட்டிலில் இவளுக்கு 50 முதல் 100 மில்லி. மாற்றம் தெரியாவிட்டால் அரை மணியில் மீண்டும் கொடுக்கலாம். மானிட்டால் இல்லையென்றால், அல்லது அதற்கு அசையவில்லையென்றால், 3% சலைன் கிலோவுக்கு 2.5 முதல் 5 மில்லி, அதாவது 50 முதல் 100 மில்லி, அதே நேரத்தில். டிரிப்ஸை ரத்த அழுத்தம் விழாத அளவுக்கு மட்டும் சரிசெய்ய வேண்டும். பயத்தில் முழுதாக மூடிவிடக் கூடாது.

கடுமையான டிகேஏ குழந்தை வந்ததுமே நான் இந்த இரண்டு மருந்தின் அளவையும் மில்லியில் கணக்கிட்டு, கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் எழுதி, பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவேன். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட யாருக்கும் கிராமை மில்லியாக மாற்றச் சட்டென்று வராது.